எட்டு வாரக் கர்ப்பம், மாத்திரையை நிறுத்திவிட்டேன்: இனி என்ன செய்வது?

வாசகியின் கடிதம்

"எனக்கு 31 வயது. முதல் குழந்தை, எட்டு வாரம். 23 வயதில் கடுமையான மனச்சோர்வு வந்தது. 'நீ செத்துப்போ' என்று காதில் குரல் கேட்டது. ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தேன். செர்ட்ராலின் 100, ஓலான்சபின் 5 போட்டு நன்றாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு இனி வேண்டாம் என்று நிறுத்தினேன். நாலு மாதத்தில் எல்லாம் திரும்ப வந்தது, குரலும் வந்தது. மறுபடி அதே மாத்திரைகள். அதன்பின் ஒரு தொந்தரவும் இல்லை. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே இரண்டையும் நிறுத்திவிட்டேன். பத்து நாள் ஆகிறது. இணையத்தில் 'சி பிரிவு மருந்து' என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தலை கிறுகிறுக்கிறது. நாலு நாளாக இரவில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தூக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பிரசவம் வரை சமாளித்துவிடலாமா? முடியாவிட்டால் பாதி டோஸ் போடலாமா? தோழி ஃப்ளூவாக்ஸெட்டின் போட்டுக்கொண்டே நல்லபடியாகப் பெற்றாள், அதற்கு மாறலாமா? மாத்திரை போட்டால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று: என்னைப் பெற்ற ஒரு வாரத்தில் அம்மாவுக்கும் ஏதோ மனசு சரியில்லாமல் போனதாம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்."

மனநல மருத்துவரின் பதில்

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் உங்களை வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். நாளை அல்லது நாளை மறுநாளுக்குள் பார்த்துவிட வேண்டும். குரல் மறுபடி கேட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, ஒரு இரவு முழுக்கத் தூக்கமே இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கணவரிடம் இன்றே இதைச் சொல்லி வையுங்கள். நோய் திரும்பும்போது அதை நோய் என்று அடையாளம் காணும் தெளிவுதான் முதலில் போகும். அந்த நேரத்தில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கிறுகிறுப்பையும் தூக்கமின்மையையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் தலை சுற்றும், குமட்டும், தலைக்குள் மின்சாரம் பாய்வது மாதிரி சட்சட்டென்று வெட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்கள் கிறுகிறுப்பு அதுவாக இருக்கலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதத்துக்கே உரிய மயக்கமாகவும் இருக்கலாம். என்னைக் கவலைப்பட வைப்பது தூக்கம்தான். குரல் கேட்பது போன்ற மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ஓலான்சபினை நிறுத்தினாலும் சில நாள் தூக்கம் கெடும், சரி. ஆனால் அது நிறுத்திய முதல் சில நாளிலேயே தொடங்கி, போகப்போகக் குறைய வேண்டும். உங்களுக்கு ஆறு நாள் கழித்துத் தொடங்கி நாலு நாளாக நீடிக்கிறது. குரல் கேட்கும் அளவுக்குப் போன மனச்சோர்வு திரும்பும்போது, பலருக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கம்தான் கெடும். மூன்று வருடத்துக்கு முன்பு எப்படித் தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்போதும் தூக்கத்தில்தான் ஆரம்பித்தது என்றால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நிறுத்தியதால் என்ன கிடைத்தது?

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரையை நிறுத்தும் பெண்கள் எல்லோரும் நினைப்பது ஒன்றுதான்: குழந்தை இனி மருந்திலிருந்து தப்பித்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் நிறுத்திய நாளில் கர்ப்பம் ஆறரை வாரம். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து போகிறது. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் மூடிவிடுகிறது. இதயம் அதற்குள் துடிக்க ஆரம்பித்து, அதன் அறைகள் பிரியும் வேலை ஒன்பது, பத்து வாரம் வரை நடக்கிறது. அதாவது உறுப்புகள் உருவாகும் காலத்தின் ஒரு பெரிய பகுதியை இந்தக் குழந்தை இரண்டு மருந்துகளோடும் கடந்துவிட்டது. அதைத் திருப்பி எடுக்க முடியாது. நல்லவேளையாக, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை அதற்காகப் பயப்பட வேண்டிய மருந்துகளும் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மாறுவது பற்றிய கேள்விக்கும் பதில் இதே கணக்கில்தான் இருக்கிறது. இப்போது மாறினால் குழந்தை இரண்டு மருந்துக்குப் பதில் மூன்று மருந்துகளைப் பார்க்கும். அந்த மூன்றாவது உங்களுக்கு வேலை செய்யுமா என்பது தெரிய ஆறு வாரம் ஆகும். அதற்குள் நோய் திரும்பினால் குழந்தை நோயையும் பார்க்கும். உங்கள் தோழிக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் சரியாக இருந்தது என்றால், அவருக்கு அதில்தான் குணமாகியிருக்கும். கர்ப்பத்துக்கு எது நல்ல மருந்து என்று யாராவது கேட்டால், அந்தப் பெண்ணை ஏற்கெனவே குணமாக்கிக் காட்டிய மருந்து எது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதில் வேறு தடை இல்லையென்றால் அதையே தொடர்வோம்.

பாதி டோஸ் யோசனை நடுநிலையான வழி மாதிரித் தெரியும். எனக்கு அதுதான் மிகவும் பயம். செர்ட்ராலின் 50 உங்கள் நோயைத் தடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது குழந்தை மருந்தையும் வாங்கிக்கொள்கிறது, தாயின் நோயையும் வாங்கிக்கொள்கிறது. எந்தப் பலனும் இல்லாமல் இரண்டு பாதிப்பும் சேர்கிறது. மிகக் குறைந்த டோஸ் என்று மருத்துவர்கள் சொல்வது, நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டோஸ்களில் குறைந்ததை. உங்களுக்கு அது 100-ம் 5-ம் என்று எட்டு வருட அனுபவம் சொல்கிறது.

நோய் திரும்பும் வாய்ப்பு உங்கள் கதையில்தான் இருக்கிறது

கர்ப்பம் பெண்ணை மனச்சோர்விலிருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதை உடைத்தது. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்து, மருந்தில் நன்றாக இருந்த 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்குத் திரும்பியது.

இந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்துவது தவறு. அந்தப் பெண்கள் சிறப்பு மையங்களுக்கு வந்தவர்கள், நோய் கடுமையாக இருந்தவர்கள். பின்னால் சாதாரணக் கர்ப்பகால மருத்துவமனைகளுக்கு வரும் பெண்களிடம் செய்த இன்னோர் ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் இப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒரே முறை மிதமான மனச்சோர்வு வந்து, இரண்டு வருடமாக நன்றாக இருக்கும் ஒரு பெண் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். மெதுவாகக் குறைத்து, பேச்சுவழிச் சிகிச்சையோடு மருந்தில்லாமல் போக முயல்வது அவருக்கு நியாயமான வழி.

உங்கள் கதை அப்படி இல்லை. இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டு முறையும் குரல் கேட்டிருக்கிறது, ஒரு முறை மருத்துவமனைவாசம். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தை நிறுத்தினால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே ஒரு முறை பார்த்துவிட்டீர்கள். நாலே மாதத்தில் திரும்பியது. இன்றிலிருந்து நாலு மாதம் என்றால் ஆறாம் மாதத்தில் இருப்பீர்கள். பிரசவம் வரை பல்லைக் கடிக்கும் திட்டத்தில் இந்த விவரம் விடுபட்டுப் போகிறது.

கடுமையான மனச்சோர்வு வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தொடாத விஷயம் இல்லை. தாய் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், செக்கப்புக்குப் போக மாட்டாள். குறைமாதப் பிரசவமும் எடை குறைவான குழந்தையும் இதோடு சேர்ந்து வருகின்றன. பல நாடுகளின் கணக்கில், பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் நிகழும் தாய்மார் மரணங்களுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தற்கொலை இருக்கிறது. செத்துப்போ என்று சொல்லும் குரலை ஏற்கெனவே கேட்ட ஒருவரிடம் இதை மூடி மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் கருத்து நேரடியானது: இரண்டு மருந்தையும் திரும்பத் தொடங்க வேண்டும். நீங்களாகவே 100-ஐ எடுத்துப் போட வேண்டாம். பத்து நாள் இடைவெளி விழுந்திருப்பதால், மருத்துவர் செர்ட்ராலினை 50-ல் தொடங்கிச் சில நாளில் 100-க்குக் கொண்டுபோக வாய்ப்பு அதிகம். ஓலான்சபினை இரவில் 5 என்றே தொடங்கலாம். தூக்கம் சில நாளிலேயே சரியாக வேண்டும். முடிவு உங்களுடையது, கையில் தகவலோடு எடுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

குழந்தைக்கு மருந்தால் என்ன ஆகும்?

'சி பிரிவு' விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1979-ல் கொண்டுவந்த எழுத்து வரிசை. சி என்றால், விலங்கு ஆய்வுகளில் ஏதோ தெரிந்தது, மனிதர்களிடம் போதிய ஆய்வு இல்லை, அல்லது இரண்டிலுமே போதிய ஆய்வு இல்லை என்று பொருள். படிப்பவர்கள் அதை ஆபத்தின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டார்கள். இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதால் அந்த அமைப்பே 2015-ல் எழுத்துகளைக் கைவிட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் விவரமாக எழுதும் முறைக்கு மாறியது. இணையத்தில் பழைய எழுத்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எந்த மருந்தும் சாப்பிடாத தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது பெரிய பிறவிக் குறை இருக்கும். எந்த மருந்தையும் இந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். செர்ட்ராலின் மிக அதிகமான கர்ப்பிணிகளிடம் பார்க்கப்பட்ட மருந்துகளில் ஒன்று. இந்த எண்ணை அது குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துவதாகத் தெரியவில்லை. அதே குடும்பத்தில் பராக்ஸெட்டின் பற்றி மட்டும் 2005-ல் இதயக் குறை எச்சரிக்கை வந்தது. அதிலும் பேசப்பட்ட உயர்வு, நூற்றில் ஒன்றிலிருந்து இரண்டு வரை. ஓலான்சபினைப் பொறுத்தவரை, பத்து லட்சத்துக்கும் அதிகமான கர்ப்பங்களை வைத்து 2016-ல் வந்த ஆய்வில் பிறவிக் குறை கூடவில்லை.

ஆட்டிசம் பற்றியும் படித்திருப்பீர்கள். முதலில் வந்த சில ஆய்வுகளில் செர்ட்ராலின் குடும்ப மருந்துகளோடு தொடர்பு தெரிந்தது உண்மை. பிறகு ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை, மருந்தோடு இருந்த கர்ப்பத்தையும் மருந்தில்லாத கர்ப்பத்தையும், ஒப்பிட்டார்கள். அந்தத் தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மருந்து தேவைப்படும் குடும்பங்களின் மரபும் நோயுமே முன்பு தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதிக்குக் காரணமாக இருக்கலாம்.

ஓலான்சபினில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது சர்க்கரையும் எடையும். கர்ப்பத்தில் இதைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தியவர்களில் அது நூற்றுக்கு ஐந்து. ஆகவே இப்போதே ஒரு சர்க்கரைப் பரிசோதனை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனை, இரண்டும் வேண்டும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் இதற்குள் தொடங்கியிருப்பீர்கள். உடல் எடை அதிகமாக இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ மகப்பேறு மருத்துவர் அதிக டோஸ் எழுதுவார். பதினெட்டு, இருபது வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எல்லோருக்கும் செய்வதுதான். அதைத் தவறவிடாதீர்கள்.

பிறந்த முதல் சில நாள்

மருந்தோடு பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் நடக்கக்கூடியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைசி மாதங்களில் செர்ட்ராலின் குடும்ப மருந்து சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு, பிறந்து முதல் இரண்டு நாளுக்குள் சில மாற்றங்கள் தெரியும். துணியைப் பிரித்ததும் கையும் தாடையும் நடுங்கும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும். மார்பில் வாயை வைத்துவிட்டு, நாலு உறிஞ்சியதும் விட்டுவிட்டு அழும். மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கும். ஓலான்சபினும் சேரும்போது சில குழந்தைகள் இதற்கு மாறாகத் தளர்ந்து, பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் தூங்கும். சிலவற்றுக்கு உடல் விறைப்பும் வரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு, உடம்போடு உடம்பாக அணைத்து வைப்பது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது இவையே போதும். சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில், சரியாகிவிடும்.

இதைவிட அரிதான, ஆனால் கடுமையான ஒன்று உண்டு: நுரையீரல் ரத்த அழுத்தம் பிறந்த பிறகும் இறங்காமல் இருந்து, குழந்தை நீலம் பாரிப்பது. எல்லாக் குழந்தைகளிலும் ஆயிரத்தில் இரண்டுக்கு இது வருகிறது. செர்ட்ராலின் குடும்ப மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் ஆயிரத்தில் மூன்று. ஆகவே குழந்தை நல மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் வையுங்கள். இரண்டு நாளாவது குழந்தையைக் கவனிப்பில் வைக்கச் சொல்லுங்கள். நடுக்கத்தைப் பார்த்ததும் உங்கள் மருந்துப் பட்டியல் தெரியாத மருத்துவர் தேவையில்லாத பரிசோதனைகளுக்குப் போகக்கூடும். எனவே இரண்டு மருந்தின் பெயரும் அளவும் உங்கள் பிரசவக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். செர்ட்ராலின் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைச் சற்றுக் கூட்டக்கூடும். மகப்பேறு மருத்துவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

கடைசி மாதத்தில் குழந்தைக்காக மருந்தைக் குறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்ததால் குழந்தையின் நடுக்கம் குறைந்ததாக உறுதியான ஆதாரம் இல்லை. உங்களுக்கோ, வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான இரண்டு வாரத்துக்குள் மருந்துக் காப்பு இல்லாமல் நுழைவதாக ஆகிவிடும். ஏன் மிக ஆபத்தானது? அதற்கான விடை உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது.

அம்மாவிடம் கேளுங்கள்

பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரத்தில் ஆயிரம் பெண்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு வருகிறது. மளமளவென்று வரும். மூன்றாம் நாள் தூக்கம் போகும், நாலாம் நாள் ஓயாத பேச்சு அல்லது திக்பிரமை, ஐந்தாம் நாள் குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் என்று மணிக்கணக்கில் நிலைமை மாறும். அது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை. சரியான சிகிச்சையில் நன்றாகக் குணமாகும்.

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இது வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு கூடும். உங்கள் அம்மாவுக்கு வந்தது இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பெற்ற ஒரு வாரத்தில் என்ற காலம் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அம்மாவோடு தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அப்போது கூட இருந்த சித்தியிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். எத்தனையாம் நாள் தொடங்கியது, தூங்கினார்களா, சம்பந்தமில்லாமல் பேசினார்களா, எத்தனை மாதத்தில் சரியானது, என்ன சிகிச்சை, அதற்கு முன்போ பின்போ அளவுகடந்த உற்சாகத்தோடு தூக்கமே வேண்டாமல் திரிந்த நாட்கள் உண்டா?

கடைசிக் கேள்வி உங்களுக்கும்தான். நோய் வந்த காலங்களுக்கு இடையில் எப்போதாவது ஒரு வாரம் போல, மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே சுறுசுறுப்பாக, பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் இருந்ததுண்டா? இருந்தால் உங்கள் நோய் வெறும் மனச்சோர்வாக இல்லாமல், இருமுனைக் கோளாறாக இருக்கலாம். இளம் வயதிலேயே குரலோடு வந்த மனச்சோர்வு என்பதால் இதைக் கேட்டே ஆக வேண்டும். இருமுனை என்றால் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அப்போது ஓலான்சபின்தான் உங்கள் முக்கியமான காப்பு. செர்ட்ராலின் தேவையா என்பதையே மருத்துவர் மறுபடி யோசிப்பார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறலாம். யார் எழுதினாலும், இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மட்டும் வேண்டாம். அதைக் கர்ப்பத்தில் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்குப் பிறவிக் குறையும், முப்பது நாற்பதுக்கு மூளை வளர்ச்சியில் பிரச்சினையும் வருகிறது. கர்ப்பத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டிய மனநல மருந்து அது.

32 வாரத்துக்குள் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி வையுங்கள். உங்கள் மனநல மருத்துவர், மகப்பேறு மருத்துவர், கணவர் மூவரிடமும் அது இருக்க வேண்டும். மருந்தும் அளவும், உங்களுக்கு நோய் தொடங்கும்போது தெரியும் முதல் மூன்று அடையாளங்கள், எந்த எண்ணுக்கு அழைப்பது, எந்த மருத்துவமனை, பிரசவ அறையிலேயே இரவு ஓலான்சபினை யார் எடுத்துக் கொடுப்பது. கடைசி விவரம் அற்பமாகத் தெரியும். ஆனால் பிரசவ வலி, ஆபரேஷன், உறவினர் கூட்டம் என்று அந்த இரண்டு நாளில்தான் மாத்திரை தவறிப்போகிறது.

தாய்ப்பால் கொடுக்கலாம்

உங்கள் இரண்டு மருந்தும் தாய்ப்பாலுக்கு ஒத்துப்போகிறவை. தாயின் எடைக்கேற்ற டோஸில் எத்தனை சதவீதம் பால் வழியாகக் குழந்தையின் எடைக்குப் போகிறது என்று பார்ப்பது வழக்கம். பத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. செர்ட்ராலினுக்கு அது இரண்டு சதவீதம் அளவில்தான், ஓலான்சபினுக்கு ஒன்று, ஒன்றரை. பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் செர்ட்ராலின் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூட முடியாத அளவில் இருக்கிறது. ஒன்பது மாதம் தொப்புள்கொடி வழியாகப் போனதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தோழியின் ஃப்ளூவாக்ஸெட்டின் இந்த விஷயத்தில் உங்கள் மருந்தைவிடப் பின்தங்கியது. அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், பாலிலும் கூடுதலாகப் போகும். அதற்காக அவர் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மாற உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. குளோசபின் எடுக்கும் தாய்க்கு மட்டும் பால் வேண்டாம் என்போம், லித்தியத்தில் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனைகளோடு மிகக் கவனமாகப் போக வேண்டும். அவை உங்கள் கதையில் இல்லை.

மாத்திரை போட்ட பிறகு பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்பார்கள், தேவையில்லை. குழந்தையிடம் பார்க்க வேண்டியவை: பாலுக்கு எழுகிறதா, எடை ஏறுகிறதா, வழக்கத்தைவிட மந்தமாகத் தூங்குகிறதா, கைகால் நடுங்குகிறதா. முதல் மாதம் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். குறைமாதக் குழந்தையாகப் பிறந்தால் கணக்கு வேறு; மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி அதற்குக் குறைவு. பால் கொடுக்கத் தொடங்குமுன் குழந்தை நல மருத்துவரோடு பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில் பாலைவிட எனக்குப் பெரிய கேள்வி, பால் கொடுக்க யார் எப்போது எழுவது என்பதுதான். இரண்டு மணிக்கு ஒரு முறை எழும் தாய்க்குத் தூக்கம் துண்டு துண்டாகும், உங்களுக்கோ தூக்கம் போவதே நோயின் வாசல். தினமும் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது நீங்கள் தூங்க வேண்டும். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, ஓலான்சபினைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். நடுவில் வரும் இரண்டு வேளையைக் கணவரோ அம்மாவோ பீய்ச்சி வைத்த பாலோடு பார்த்துக்கொள்ளட்டும். பால் சுரப்பு போதாவிட்டால் அந்த இரண்டு வேளைக்குப் பவுடர் பால் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. ஓலான்சபின் போட்ட இரவில் ஆழ்ந்த தூக்கம் வரும். ஆகவே குழந்தையை உங்கள் படுக்கையில் பக்கத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதே அறையில் தனித் தொட்டிலோ கட்டிலோ வேண்டும்.

சில வீடுகளில் பால் கொடுக்க வேண்டும் என்ற ஆசையிலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றை விடவேண்டிய நிலை வராது. ஒருவேளை வந்தால், விட வேண்டியது பாலைத்தான், மருந்தை இல்லை. பிரசவம் முடிந்து ஒரு வருடம் வரை டோஸைக் குறைக்கும் பேச்சையே எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் குறைப்பதா, இதையே நீண்ட காலம் தொடர்வதா என்பதை, இரண்டு முறை வந்த நோய் என்பதையும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது, கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே அவரைப் பாருங்கள்.